அஷ்டமச் சனி ஏழரையைவிடக் கொடியதா?

வாசகர் கேள்வி:

ஐயா, என் கணவருக்கு 42 வயது. சிம்ம ராசி, பூரம் நட்சத்திரம், துலாம் லக்னம். 2023-லிருந்து எங்களுக்குப் போதாத காலம். மாமியார் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பூர்வீக வீட்டுப் பாகத்தில் கொழுந்தனாரோடு சண்டை. அப்போது கண்டகச் சனி என்றார்கள். போன வருஷத்திலிருந்து கொஞ்சம் மூச்சு விட முடிகிறது என்று நினைத்தால், இப்போது அஷ்டமச் சனியாம். எங்கள் ஜோதிடர் "ஏழரையில் ஏழரை வருஷம் படுவதை அஷ்டமத்தில் இரண்டரை வருஷத்திலேயே படணும்" என்கிறார்.

ஆனால் ஏழரைச் சனி நடந்த 2008-ல்தான் இவருக்கு இப்போதைய வேலை கிடைத்தது, எங்கள் கல்யாணமும் நடந்தது. கணவர் வேலையை விட்டுவிட்டு நண்பரோடு சேர்ந்து லேத் பட்டறை போட நினைக்கிறார். "2027 ஜூனில் சனி போன மறுநாளே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் ஜோதிடர். குடலிறக்கத்துக்கு டாக்டர் சொன்ன ஆபரேஷனையும் அதுவரை தள்ளிப் போடச் சொல்கிறார், 48,000 ரூபாயில் ஒரு ஹோமமும் செய்ய வேண்டுமாம். எனக்குக் கன்னி ராசி. எனக்குக் கண்டகம் நடப்பதால் இருவரும் கொஞ்ச நாள் பிரிந்திருந்தால் நல்லது என்கிறார். சனி 2025-லேயே மாறிவிட்டதா, 2026-ல்தான் மாறியதா என்பதிலும் குழப்பம். ஜாதகக் கட்டத்தை இணைத்திருக்கிறேன்.

— ஒரு சகோதரி, உடுமலை வட்டாரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வருகிறது. ஒருவேளை கடிதத்தை நீங்கள் பாதியில் மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கட்டும்.

அடுத்தது அந்த 2008. போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உபயோகமான வரி அதுதான். ஜென்மச் சனியில் வேலையும் கல்யாணமும் அமைந்த ஒருவருக்கு, சனியின் பெயரை மட்டும் வைத்துப் பலன் சொல்லவே கூடாது.

பெயர்கள் எண்ணிக்கையில் வந்தவை

ஏழரை, அர்த்தாஷ்டமம், கண்டகம், அஷ்டமம் என்று நாம் சொல்வதெல்லாம் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியிலிருந்து, இன்று சனி நிற்கும் ராசிவரை எண்ணி வைத்த பெயர்கள். 12, 1, 2 என்றால் ஏழரை: விரயச் சனி, ஜென்மச் சனி, பாதச் சனி. 4 என்றால் அர்த்தாஷ்டமம், 7 என்றால் கண்டகம், 8 என்றால் அஷ்டமம். கேரளத்து வழக்கில் 1, 4, 7, 10 நான்குமே கண்டகச் சனிதான். கண்டகம் என்றால் முள். கேந்திரங்களில் குத்துகிற முள். எல்லைப் பக்கம் பாலக்காட்டு ஜோதிடர் ஒருவரும் உடுமலை ஜோதிடர் ஒருவரும் ஒரே ஜாதகத்துக்கு வேறு வேறு கண்டகம் சொன்னால், இருவரும் தவறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சனி மீனத்தில் இருக்கிறது. கும்பம், மீனம், மேஷம் மூன்றுக்கும் ஏழரை. தனுசுக்கு அர்த்தாஷ்டமம், கன்னிக்குக் கண்டகம், சிம்மத்துக்கு அஷ்டமம். ஆக, பன்னிரண்டு ராசிகளில் ஆறு எப்போதும் ஏதோ ஒரு 'சனி'யில் இருக்கும். ஊரில் பாதிப் பேர். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருஷம் என்றால், யாருக்கும் அதில் பதினைந்து வருஷம் இந்தப் பட்டியலுக்குள்தான் போகும். பெயரே பலன் என்றால் பாதி ஜனம் எப்போதும் முடங்கிக் கிடக்க வேண்டும். பெயர் எதைக் கவனிக்கச் சொல்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அது உதவும். எவ்வளவு கஷ்டம் என்பதை அது சொல்லாது.

"ஏழரை வருஷத்தை இரண்டரையில் படணும்" என்பது பேச்சுக்கு எடுப்பாக இருக்கும். அப்படி ஒரு வாய்ப்பாடு மூல நூல் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஏழாமிடமும் எட்டாமிடமும்: பார்வை போகும் திசை

இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஐந்து வருஷத்தையும் ஒன்றாக்கிப் பேசிவிடுகிறார்கள். குணத்தில் இரண்டும் வேறு. சனிக்கு 3, 7, 10 என்று மூன்று பார்வைகள் உண்டு. ஏழில் நிற்கும்போது ஏழாம் பார்வை நேராக ராசியின் மேலேயே, அதாவது சந்திரன் மேலேயே விழுகிறது. மற்ற இரண்டும் ஒன்பதாமிடத்தையும் நான்காமிடத்தையும் தொடும். நான்கு என்பது தாய், வீடு, மனை; ஒன்பது தகப்பன் வழி, பூர்வீகம். உங்கள் மாமியார் படுத்ததும் பாகப் பிரச்சினை கிளம்பியதும் எந்த வருஷங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எட்டுக்கு வந்ததும் பார்வை மாறிவிடும். மூன்றாம் பார்வை பத்தாமிடத்துக்கு, ஏழாம் பார்வை இரண்டாமிடத்துக்கு, பத்தாம் பார்வை ஐந்தாமிடத்துக்கு. வேலை, கையிருப்பும் வாக்கும், பிள்ளைகள். சந்திரன் மேல் பார்வை இல்லை. அதனால்தான் கண்டகத்தில் மனசு படுகிற பாடு அஷ்டமத்தில் பலருக்கு இருப்பதில்லை. அஷ்டமத்தில் வருவது காரியத் தடை: சம்பள உயர்வு நின்றுபோவது, கொடுத்த பணம் திரும்பாதது, கேட்காமலே வரும் இடமாற்றம். எட்டாமிடம் ஆயுள் ஸ்தானம் என்பதால் வரும் பயம் தனி. சந்திரனும் மாதா மாதம் இரண்டேகால் நாள் அதே எட்டாமிடத்தில் நிற்கத்தான் செய்கிறது. சந்திராஷ்டமம் என்று காலண்டரில் பார்த்து, அன்றைக்கு வாக்குவாதம் வேண்டாம் என்று இருக்கிறோம், அதோடு சரி.

ஏழரை இன்னொரு மாதிரி. சந்திரனுக்கு முன் வீடு, சந்திரன் நின்ற வீடு, பின் வீடு என்று சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு ஆளை நிதானமாக மாற்றிவிடும். வேலை, ஊர், பழக்கம், நட்பு எல்லாம் அந்தக் காலத்தில்தான் பலருக்குப் புது வடிவம் எடுக்கிறது. சில சமயம் நல்ல வடிவம். எது கொடியது என்று இரண்டையும் தராசில் வைக்க முடியாது.

உங்கள் கணவரின் கட்டத்தில்

பிறப்பில் சனி துலாத்தில், லக்னத்திலேயே உச்சம். துலாம் லக்னத்துக்கு 4, 5-க்கு உடையவன் என்பதால் சனியே யோககாரகன். கேந்திரத்தில் உச்சம் என்பதால் சச யோகமும் உண்டு. இது அவருக்கு வேண்டிய கிரகம். வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொள்கிற மாதிரி கோபித்துக்கொள்ளும், கழுத்தை அறுக்காது.

ராசியிலிருந்து மீனம் எட்டு. லக்னத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், ஆறு வரும். கோசாரத்தில், அதாவது கிரகம் இன்று நகர்ந்து நிற்கும் நிலையில், சனி 3, 6, 11-ல் நல்லது செய்யும் என்பது ராசியிலிருந்து எண்ணுவதற்கான விதிதான். ஆனாலும் லக்னத்திலிருந்தும் ஒரு தரம் எண்ணிப் பார்ப்பது நல்ல ஜோதிடர்களின் பழக்கம். எட்டு என்கிற பயத்தை இந்த ஆறு பாதி குறைக்கிறது.

அடுத்து அஷ்டவர்க்கம். ஒவ்வொரு ராசியிலும் சனிக்கு எத்தனை கிரகங்கள் பரல் கொடுக்கின்றன என்கிற கணக்கு அது. லக்னத்தையும் சேர்த்து எட்டுப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 39 பரல், ஒரு ராசிக்குச் சராசரி மூன்றேகால். நாலும் அதற்கு மேலும் இருந்தால் சனி அங்கே அடங்கி நடக்கும். நீங்கள் அனுப்பிய கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். சிம்மத்தில் 5, கும்பத்தில் 2, மீனத்தில் 4, மேஷத்தில் 1.

இப்போது வருஷங்களோடு சேர்த்துப் பாருங்கள். 2008-ல் சனி சிம்மத்தில், ஜென்மச் சனி. பெயர் பயங்கரம், பரல் ஐந்து. போதாததற்குப் பத்தாமிடத்து அதிபதியான சந்திரனின் தசை ஓடிக்கொண்டிருந்தது, சந்திரன் நிற்பது பதினொன்றில். வேலை கிடைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 2023, 2024-ல் சனி கும்பத்தில், பரல் இரண்டு. ராகு தசையில் சனி புக்தி வேறு 2024 கடைசிவரை ஓடியது, ராகு இருப்பது லக்னத்துக்கு எட்டில். அடி பலமாக விழுந்தது. இப்போது மீனத்தில் நாலு பரல், புக்தியும் புதனுக்கு மாறிவிட்டது. "கொஞ்சம் மூச்சு விட முடிகிறது" என்று நீங்கள் எழுதியது மனப்பிரமை இல்லை.

ஆக, அஷ்டமம் என்றதும் இனிமேல்தான் மோசம் என்று நினைத்துவிட்டீர்கள். இவர் ஜாதகத்தில் கண்டகத்தைவிட அஷ்டமம் லேசு. இதே கணக்கில் வேறொரு சிம்ம ராசிக்காரருக்கு நேர்மாறாகவும் வரலாம். தசை பிரதானம், கோசாரம் அதற்கு அடுத்தது. ராசிபலன் படிக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

2025-ஆ, 2026-ஆ?

திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே பெயர்ச்சி இந்த வருஷம். வாக்கியம் பழைய சூத்திரங்களை மாற்றாமல் கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் கிரகம் நிற்கும் இடத்துக்குத் திருத்தி எழுதுவது. சனியைப் போல மெதுவாக நகரும் கிரகத்தில் சின்ன வித்தியாசமே ஒரு வருஷமாக நீண்டுவிடுகிறது.

கோயிலுக்குப் போகிறீர்களா, கோயில் கணக்கு. ஜாதகம் பார்க்கிறீர்களா, எந்தப் பஞ்சாங்கத்தில் கட்டம் போட்டீர்களோ அதே கணக்கு. உங்கள் கட்டம் திருக்கணிதம். கட்டத்தை ஒன்றிலும் பெயர்ச்சியை மற்றொன்றிலும் எடுக்கிற கலப்படம்தான் கூடாது. சிலர் இரண்டையும் சேர்த்து அஷ்டமத்தை மூன்றரை வருஷமாக நீட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜோதிடர் சொன்ன 2027 ஜூனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் மேஷத்துக்குப் போகும் சனி, வக்கிரத்தில் அக்டோபரில் மீனத்துக்கே திரும்பி வந்து, 2028 பிப்ரவரியில்தான் நிலையாக மேஷத்தில் உட்காரும். "போன மறுநாள்" என்பதற்கு அர்த்தமே இல்லை.

பட்டறைக் கூட்டு

எனக்கு உண்மையில் தயக்கம் இங்கேதான். அஷ்டமம் முடிந்ததும் கையெழுத்து என்கிறார்கள். மேஷம் ராசியிலிருந்து ஒன்பது, 'பாக்கியச் சனி' என்று இனிப்பாகப் பெயர். ஆனால் அது லக்னத்திலிருந்து ஏழாமிடம்; கூட்டாளியைக் குறிக்கும் இடமே அதுதான். சனிக்கு நீச வீடு. அங்கே அவருக்குப் பரல் ஒன்றே ஒன்று. 2027 நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கேது புக்தி, கேது இருப்பது பணத்தைக் குறிக்கும் இரண்டில். இத்தனையும் சேர்கிற நேரத்தைத்தான் உங்கள் ஜோதிடர் நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். ராசியிலிருந்து மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

வேலையை விடாமல், கணவர் இப்போது மாலை நேரத்தில் நண்பரின் பட்டறையில் போய் உட்காரட்டும். ஆர்டர் எப்படி வருகிறது, பாக்கி எத்தனை நாளில் வசூலாகிறது, மின்கட்டணமும் ஆள் கூலியும் போக மாதம் என்ன மிஞ்சுகிறது என்று ஆறு மாதக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். சனிக்குப் பிடித்த பரிகாரமும் அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். பெரிய தொகை போட்டுப் பங்காளியாவதை 2028 நடுவில் சுக்கிர புக்தி தொடங்கும்வரை தள்ளி வைக்கலாம். சுக்கிரன் லக்னாதிபதி, சொந்த வீட்டில் இருக்கிறார். அப்போதும் சனி மேஷத்தில்தான் இருக்கும். எனவே வாய்ப்பேச்சில் கூட்டு வேண்டாம். யார் எவ்வளவு முதல், லாப நஷ்டம் எந்தப் பங்கில், ஒருவர் விலகினால் மெஷின் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி, கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவில்லாத கூட்டில் ஒரு பங்குதாரர் ஒப்பந்த உரிமையைக் கேட்டு இன்னொருவர்மேல் வழக்குப் போடுவது சிரமம். ஒரு வக்கீலிடம் காட்டி எழுதுங்கள்.

ஆபரேஷன், ஹோமம், பிரிந்திருப்பது

அஷ்டமத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தால், இரண்டரை வருஷம் சிம்ம ராசிக்காரர் யாருக்கும் சிகிச்சையே இருக்க முடியாது. குடலிறக்கத்தில் இறங்கிய குடல் சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் அது உயிருக்கு ஆபத்து. பிறகு நடப்பது அவசர ஆபரேஷன், அதற்கு நாள் பார்க்க நேரம் கிடைக்காது. வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தேதியை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் இரண்டு மூன்று தேதிகள் கொடுத்தால், சந்திராஷ்டமம் இல்லாத ஒன்றை மன நிம்மதிக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஜோதிடத்தின் வேலை அங்கே அதற்கு மேல் இல்லை.

48,000 ரூபாயை ஆபரேஷனுக்கு எடுத்து வையுங்கள். கோயிலுக்குப் போக ஆசையிருந்தால் உங்கள் பக்கத்திலிருந்து தேனி மாவட்டத்துக் குச்சனூர் எட்டும் தூரம்தான், சுயம்பு சனீஸ்வரர். சனிக்கிழமை நல்லெண்ணெய் விளக்கு ஏற்றி, யாராவது ஒரு முதியவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் சனி ராசி மாறும் தேதி மாறாது. "செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று யார் தொகை கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம், எங்கள் தொழில்காரர் என்றாலும்கூட.

பிரிந்திருப்பது பற்றி. சிம்மமும் கன்னியும் அடுத்தடுத்த ராசிகள். அவருக்கு வந்த ஒவ்வொரு சனியும் அடுத்த பெயர்ச்சியில் உங்களுக்கு வரும். காலம் முழுவதும் அப்படித்தான். கோசாரத்துக்காகக் கணவன் மனைவியைப் பிரித்து வைக்கச் சொன்ன நூல் எதையும் நான் படித்ததில்லை. கண்டகச் சனி ஏழில் நிற்பதால் இப்போது உங்களுக்குச் சட்டென்று கோபம் வரலாம், வீட்டுச் சுமை தலைக்கு மேல் ஏறியது போல இருக்கலாம். அந்த நேரத்தில் தனியாக இருப்பதுதான் ஆபத்து. ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கு ஒரு மாதம் குடம் தூக்கக்கூட முடியாது, பக்கத்தில் நீங்கள் வேண்டும்.

உங்களுக்குக் கன்னி என்று ராசி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2027-க்குப் பிறகு உங்களுக்கு வரும் அஷ்டமத்தைப் பற்றி அதை மட்டும் வைத்து நான் ஒரு வார்த்தை சொன்னாலும், மேலே குறை சொன்ன அதே தவறைச் செய்தவனாவேன். பிறந்த நேரமும் ஊரும், இதுவரை நடந்த நாலைந்து முக்கிய சம்பவங்களின் வருஷங்களும் எழுதி அனுப்புங்கள். 1996-லிருந்து 1998 வரை சனி மீனத்தில் இருந்தது, அப்போதும் உங்களுக்குக் கண்டகம்தான். அந்த வருஷங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.